ஸ்டீமில் வாங்கிய கேமுக்கு ரீஃபண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கேமிங் குழுவில் ஒவ்வொரு சேல் முடிந்ததும் ஒரே மாதிரியான கேள்விகள் வரிசை கட்டி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எல்லாமே கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் பற்றியவை. மற்ற கடைகளைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

கேம் வாங்கிட்டேன், பிடிக்கல. காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். வாங்கி 14 நாள் ஆகியிருக்கக் கூடாது, விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டர் தாங்கவில்லை, கதை பிடிக்கவில்லை, தெரியாமல் அழுத்திவிட்டேன் என எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று காலண்டர், இன்னொன்று விளையாட்டு நேரம். எது முதலில் தீர்ந்தாலும் கதவு மூடிவிடும். வாங்கிப் போட்டுவிட்டு ஒரு நிமிடம்கூடத் திறக்காமல் இருபது நாள் கழித்துக் கேட்டால் விதிப்படி கிடைக்காது. சேலில் பத்து கேம் வாங்கிக் குவிக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். நேரக் கணக்கைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள், நாள் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

எங்க போய் கேக்கணும்? மெயில் போடணுமா?

மெயில் வேண்டாம். `help.steampowered.com` போய், கேம் வாங்கிய அதே அக்கவுண்டில் உள்ளே நுழையுங்கள். சமீபத்தில் வாங்கியவை வரிசையாகத் தெரியும். அந்த கேமைத் தேர்ந்தெடுத்து `I would like a refund`, அடுத்து `I'd like to request a refund` என்று அழுத்துங்கள். பணம் ஸ்டீம் அக்கவுண்டிலேயே இருக்கும் வாலட்டுக்கு வர வேண்டுமா, கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டுமா என்று கேட்கும். காரணத்தையும் கேட்கும், கீழே எழுத ஒரு பெட்டியும் இருக்கும்.

விதிக்குள் இருந்தால் அந்தப் பெட்டியில் ஒரு வரி போதும். நான் கண்டவரை பதில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடுகிறது.

நான் விளையாடினதே அரை மணி நேரம்தான். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னு காட்டுதே?

ஸ்டீம் எண்ணுவது நீங்கள் விளையாடிய நேரத்தை அல்ல, கேம் திறந்திருந்த நேரத்தை. மெனுவில் நின்றாலும், நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும், அறிமுகக் காட்சி ஓடினாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். சில கேம்கள் முதலில் தங்களுடைய லாஞ்சரைத் திறந்து, அதன் வழியாகத்தான் உள்ளே விடும். அந்த லாஞ்சர் திறந்திருக்கும் நேரமும் சேரும். கேமை மூடிவிட்டு லாஞ்சரை மறந்தால், நீங்கள் தூங்கும்போதும் கணக்கு ஓடும்.

என் சித்தப்பா பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய லேப்டாப், எஸ்எஸ்டி கிடையாது. புதிதாக வாங்கிய கேம் முதல்முறை திறந்ததும் 'ஷேடர் கம்பைல்' செய்ய ஆரம்பித்தது. உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி கேம் தன்னைத் தயார் செய்துகொள்ளும் வேலை அது. நல்ல கம்ப்யூட்டரில் சில நிமிடத்தில் முடியும், அவனுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதன்பின் கதாபாத்திரத்துக்கு மூக்கு, தாடி எல்லாம் வைக்க இருபத்தைந்து நிமிடம். நடுவில் அத்தை கூப்பிட்டார் என்று நிறுத்தி வைத்துவிட்டுப் போய் இட்லி சாப்பிட்டு வந்ததில் இன்னொரு நாற்பது. உட்கார்ந்து பதினைந்து நிமிடம் ஓட்டியதும்தான் கேம் திக்கித் திக்கி ஓடுவது அவனுக்கே தெரிந்தது. அதற்குள் மொத்தம் சரியாக 2 மணி நேரம். 'இதோ பார்க்கிறேன்' என்று செட்டிங்ஸில் மேலும் பத்து நிமிடம் போக, எனக்கு போன் செய்தபோது எல்லை தாண்டியிருந்தது.

ஆகவே ஷேடர் வேலை நடக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். சாப்பிடப் போனால் கேமை முழுவதும் மூடிவிடுங்கள். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பக்கத்தில் `PLAY TIME` என்று ஒரு எண் இருக்கும். உங்கள் மணிக்கட்டில் உள்ள கடிகாரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

அப்போ அந்த ரெண்டு மணி நேரத்தை எப்படி உபயோகிக்கிறது?

கதையில் மூழ்குவதற்கு முன் கேம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். அறிமுகக் காட்சியைத் தாண்டி, நீங்களே ஓடியாடும் முதல் திறந்தவெளிக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். திக்கல், சூடு, கன்ட்ரோலர் வேலை செய்கிறதா, ஆன்லைன் கேமானால் பிங் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கதாபாத்திரத்தின் தாடியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை மணி ஆனதும் மூடிவிட்டு யோசியுங்கள். இதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் பழக்கம். இன்னும் அரை மணி மிச்சம் இருக்கும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இருக்கும்.

பணம் எங்க வரும்? எவ்வளவு நாள் ஆகும்?

ஒப்புதல் கிடைத்து ஒரு வாரத்துக்குள் என்பது ஸ்டீமின் கணக்கு. வாலட்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கார்டு, வங்கி வழி என்றால் வங்கி தன் பங்குக்குச் சில நாள் எடுக்கும். வெளிநாட்டுப் பரிமாற்றமாக இருந்தால் இன்னும் தாமதமாகலாம்.

சில கட்டண வழிகளில் பணத்தைத் திருப்பி அனுப்பும் வசதியே இருக்காது. அப்போது முழுத் தொகையும் வாலட்டில் வந்து விழும். ரீஃபண்ட் படிவத்திலேயே எந்த வழி இருக்கிறது என்று தெரிந்துவிடும், அழுத்துவதற்கு முன் பாருங்கள். வாலட்டுக்குப் போன பணத்தை வங்கிக்கு எடுக்க முடியாது. அடுத்த கேம் வாங்கத்தான் ஆகும்.

வாலட்ல போட்ட காசையே திருப்பிக் கேட்கலாமா?

ஸ்டீமிலேயே பணம் கட்டி வாலட்டில் ஏற்றியிருந்தால், 14 நாளுக்குள், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவாகாமல் இருந்தால் கேட்கலாம். கடையிலோ வேறு தளத்திலோ கிஃப்ட் கார்டு வாங்கி அந்தக் கோடைப் போட்டிருந்தால் இந்த விதிக்குள் வராது.

ப்ரீ-ஆர்டர் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. கேம் இன்னும் வரல. இப்போ கேன்சல் பண்ண முடியுமா, 14 நாள் தாண்டிருச்சே?

முடியும். வெளியீட்டுக்கு முன் விளையாடவே முடியாத கேமாக இருந்தால், வெளியாகும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். 14 நாள் கணக்கு நீங்கள் பணம் கட்டிய நாளில் தொடங்குவதில்லை, கேம் வெளியான நாளில்தான் தொடங்குகிறது. முதல் கேள்வியில் சொன்ன காலண்டர் அதுவரை ஓடாமல் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருந்தாலும் ஸ்டீமில் பாதகமில்லை. டவுன்லோடு விளையாட்டு நேரம் ஆகாது. எனவே விமர்சனங்கள் வரும்வரை பொறுத்திருந்து, சரியில்லை என்றால் வெளியீட்டு நாள் காலையில்கூட ரத்து செய்யலாம். கேம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் உங்கள் உரிமையும் கூடவே தள்ளிப்போகும்.

டீலக்ஸ் எடிஷன் வாங்கினேன், மூணு நாள் முன்னாடியே விளையாட விட்டாங்க. அந்த மூணு நாள் கணக்குல வராதுன்னு ஃப்ரெண்டு சொன்னான். உண்மையா?

முன்பு உண்மை, இப்போது இல்லை. 2024 ஏப்ரலில் ஸ்டீம் இதை மாற்றிவிட்டது. அதற்கு முன், அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு முந்தைய ஆட்ட நேரம் கணக்கில் ஏறாமல் இருந்தது. அந்த மூன்று நாளில் பல மணி நேரம் விளையாடிவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. இப்போது அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. 'அட்வான்ஸ்டு ஆக்சஸ்' நேரம் முழுவதும் இரண்டு மணிக் கணக்கில் சேரும்.

தேதி போட்டுப் பார்ப்போம். மார்ச் 1 அன்று பணம் கட்டுகிறீர்கள். 17-ம் தேதி டீலக்ஸ்காரர்களுக்குத் திறக்கிறது, 20-ம் தேதி எல்லோருக்கும் வெளியாகிறது. மார்ச் 1 முதல் 17 வரை நேரமும் ஓடாது, நாளும் ஓடாது. எப்போதும் ரத்து செய்யலாம். 17-ம் தேதி `PLAY` அழுத்தியதும் இரண்டு மணிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். காலண்டர் மட்டும் 20-ம் தேதிதான் தொடங்கி ஏப்ரல் 3 வரை போகும். 18-ம் தேதி இரவே நான்கு மணி நேரம் ஆடிவிட்டீர்கள் என்றால், கேம் இன்னும் வெளியாகவே இல்லை என்ற நிலையிலும் ரீஃபண்ட் உரிமை போய்விட்டது. ஒரு மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தால் ஏப்ரல் 3 வரை யோசிக்கலாம்.

டீலக்ஸ் எடிஷன் விலை கூடுதல், அதனால் மாட்டினால் இழப்பும் கூடுதல். ஃப்ரெண்டிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

ஏர்லி ஆக்சஸ் கேமுக்கும் இதேதானா? பீட்டா?

முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு வரும் ஏர்லி ஆக்சஸ் கேமுக்கும் இதேதான். நீங்கள் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு மணிக் கணக்கில் சேரும், முழு வெளியீடு வரும்வரை 14 நாள் தொடங்காது. ஆனால் 'முழுசா வந்ததும் ஆடிப் பார்த்துப் பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாம்' என்று நினைத்து இப்போதே பத்து மணி நேரம் ஆடிவிட்டால் அந்த எண்ணம் பலிக்காது. பீட்டா சோதனையில் ஆடும் நேரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

வாங்கி அஞ்சு நாள்தான் ஆச்சு, சேல் போட்டுட்டான்! பாதி விலை! திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி வாங்குனா தப்பா?

தப்பே இல்லை. சேலுக்குச் சற்று முன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே சேல் விலையில் வாங்குவதைத் தவறான பயன்பாடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. 14 நாள், 2 மணி நிபந்தனை மட்டும் பொருந்த வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பணம் திரும்பக் கையில் வந்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று காத்திருந்து, அதற்குள் சேல் முடிந்துவிடக் கூடாது. சேல் முடியும் நாளைக் கடைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, நேரம் குறைவாக இருந்தால் ரீஃபண்டை வாலட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

மெயின் கேம்ல 180 மணி நேரம் ஆடிருக்கேன். புதுசா வாங்கின டிஎல்சி மொக்கை. அதுக்கு மட்டும் கேட்கலாமா?

கேட்கலாம். அந்த 180 மணி நேரம் குறுக்கே வராது. மெயின் கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதியான டிஎல்சியை வாங்கிய பிறகு மெயின் கேமை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அது 2 மணிக்குள், வாங்கி 14 நாளுக்குள் இருந்தால் சரி.

டிஎல்சி பக்கமே போகாமல் பழைய மேப்பில் நண்பர்களோடு மூன்று மணி நேரம் ஆடினாலும் டிஎல்சியின் நேரம் தீர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கியதும் முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள். அப்புறம், பயன்படுத்தித் தீர்த்த பொருளுக்குப் பணம் வராது. உங்கள் கதாபாத்திரத்தின் லெவலை ஒரேயடியாக ஏற்றிவிடுவது போன்ற, திரும்ப எடுக்க முடியாத சில டிஎல்சிகளுக்கு ரீஃபண்டே கிடையாது. வாங்கும் முன்பே கடைப் பக்கத்தில் அப்படிக் குறிப்பிட்டிருப்பார்கள்.

பண்டில்ல அஞ்சு கேம். ஒண்ணு மட்டும் பிடிக்கல.

பண்டிலை முழுதாகத்தான் பார்க்கிறார்கள். ஐந்திலும் சேர்த்து ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரண்டு மணி என்று நினைத்து ஆடிப் பார்க்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு அக்கா கிஃப்டா அனுப்பின கேம். நான் ரீஃபண்ட் கேட்டா பணம் எனக்கு வருமா?

வராது, அக்காவுக்குத்தான் போகும். நீங்கள் கிஃப்டை ஏற்றுக்கொண்டுவிட்டால் கோரிக்கையை நீங்கள்தான் தொடங்க வேண்டும், பணமோ வாங்கியவருக்குத் திரும்பும். இன்னும் ஏற்றுக்கொள்ளாத கிஃப்டை அனுப்பியவரே நேராகத் திரும்பப் பெறலாம்.

வேற சைட்ல கீ சீப்பா கிடைச்சுது, ஸ்டீம்லதான் ஆக்டிவேட் பண்ணேன். ஸ்டீம் பணம் தருமா?

தராது. உங்களிடம் பணம் வாங்கியது ஸ்டீம் அல்ல, அதனால் திருப்பிக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. கேமைத் திறக்கும் கோடான கீயை விற்ற தளத்தின் விதிதான் செல்லும், கீயைத் திறந்து பார்த்துவிட்டால் அங்கேயும் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். கீயில் மிச்சமாகும் காசு உங்கள் ரீஃபண்ட் உரிமையை விட்டுக்கொடுப்பதற்குக் கிடைக்கும் விலை என்று நினைத்து முடிவெடுங்கள். ஏற்கெனவே ஆடிப் பார்த்த கேமுக்குக் கீ வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. புதிய கேமுக்கு வாங்க மாட்டேன்.

ரெண்டே கால் மணி நேரம் ஆயிருச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

கோரிக்கை வையுங்கள். விதிக்கு வெளியே இருந்தாலும் கேட்கலாம், பார்க்கிறோம் என்று ஸ்டீமே சொல்கிறது. உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்பதால் நஷ்டமும் இல்லை. இங்கேதான் அந்தக் குறிப்புப் பெட்டி உதவும். 'கேம் நன்றாக இல்லை' என்று எழுதாதீர்கள். 'முதல் 40 நிமிடம் ஷேடர் கம்பைல் ஆனது, அதன்பின் மூன்று முறை கிராஷ், என் கம்ப்யூட்டர் குறைந்தபட்சத் தேவைக்கு மேல் உள்ளது' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மேலே சொன்ன என் சித்தப்பா பையனுக்கு இப்படி எழுதிக் கேட்டதில் பணம் கிடைத்தது. இன்னொரு நண்பருக்கு மூன்றரை மணி நேரத்தில் மறுத்துவிட்டார்கள்.

கேமே விற்றபடி இல்லை என்றால் நிலைமை வேறு. 2023 டிசம்பரில் 'தி டே பிஃபோர்' என்ற கேம் வெளியான நான்காம் நாளே அதைச் செய்த நிறுவனம் மூடுவதாக அறிவித்தது. அப்போது ஆடிய நேரத்தைப் பார்க்காமல் பணம் திரும்பியது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' பழைய கன்சோல்களில் ஓடாமல் தடுமாறியபோது, சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு முழுத் தொகையையும் திருப்பியது.

கடையின் விதிதான் சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டீமில் இந்த ரீஃபண்ட் முறை வந்ததே 2015 ஜூனில்தான். அதற்கு முந்தைய மறுப்புகளுக்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-ல் வழக்குத் தொடுத்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2016-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மறுத்துட்டாங்க. பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டா?

வேண்டாம். வங்கி வழியாகப் பணத்தை இழுத்தால் ஸ்டீம் உங்கள் அக்கவுண்டை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு கேமின் விலைக்காக மொத்த லைப்ரரியையும் பணயம் வைக்கிறீர்கள். யாரோ உங்கள் கார்டைத் திருடி வாங்கியிருந்தால் அது வேறு விஷயம், அப்போது வங்கிக்கும் ஸ்டீமுக்கும் உடனே சொல்லுங்கள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், எபிக்ல எல்லாம் இதே விதிதானா?

எபிக் கிட்டத்தட்ட இதேதான், 14 நாள், 2 மணி. ஜிஓஜி என்ற இன்னொரு கடை தாராளமானது: 30 நாள் வரை, ஆடியிருந்தாலும் கேட்கலாம். எக்ஸ்பாக்ஸில் 14 நாள், ஆனால் 'அதிக நேரம் ஆடியிருக்கக் கூடாது' என்று மட்டும் இருக்கிறது, மணிக் கணக்கு இல்லை.

பிளேஸ்டேஷனில்தான் ஸ்டீம் பழக்கத்தோடு போனால் அடிபடுவீர்கள். அங்கே 14 நாளுக்குள் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் தொடங்கியிருக்கவே கூடாது. ஆடிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. ப்ரீ-ஆர்டர் செய்துவிட்டுத் தானாக டவுன்லோட் ஆகும்படி விட்டிருந்தால், நீங்கள் கையே வைக்காமல் உரிமை போகலாம். அந்த வசதியை முதலில் அணைத்து வையுங்கள்.

அடிக்கடி ரீஃபண்ட் கேட்டா அக்கவுண்ட் போயிருமா?

அக்கவுண்ட் போகாது. ஆனால் இலவசமாக ஆடுவதற்கு இதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றினால் ரீஃபண்ட் வசதியை நிறுத்தலாம் என்று விதியில் இருக்கிறது. எத்தனை முறை என்று எண் சொல்லப்படவில்லை. ஐந்து வாங்கி ஒன்றைத் திருப்புபவர் பயப்பட வேண்டியதில்லை. வாங்கும் ஒவ்வொன்றையும் திருப்புபவர் பயப்படலாம்.

ஒன்றரை மணி நேரத்துல முடியுற சின்ன கேம். முழுசா முடிச்சிட்டு ரீஃபண்ட் கேட்டா கிடைக்குமாமே?

கிடைக்கும். கேமை முடித்தீர்களா என்று விதி பார்ப்பதில்லை. ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் கேமைச் செய்தவர், இரண்டு மணிக்குள் முடிவதால் பாராட்டியவர்களே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லி, கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார். அப்படிப்பட்ட கேம்களைத் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோதான் செய்கிறார்கள். பிடிக்கவில்லை, ஓடவில்லை என்றால் தாராளமாகத் திருப்புங்கள். கடைசிக் காட்சி வரை ரசித்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் அவர்களுடையது.